வருகைப் பதிவேட்டில் படிக்க முடியாத கட்டம்: உங்களுக்கு எது மாட்டியது?

கட்டம்17: 30 நாள் மாதம். ஒருவர் வரிசையில் P 23, A 2, வார விடுமுறை W 4. மிச்சம் 17ஆம் தேதி: A-வைத் திருத்தி P ஆக்கினார்களா, P-யைத் திருத்தி A ஆக்கினார்களா, தெரியவில்லை. எக்செல்லில் ஏற்றும்போது ? போட்டாச்சு. இந்த வரிசையில் ? எத்தனை என்று எக்செல்லைக் கேட்டால் 30 என்கிறது! COUNTIF-க்கு ? என்றால் "ஏதாவது ஓர் எழுத்து". எல்லாக் கட்டத்திலும் இருப்பது ஓரெழுத்துதானே. முன்னால் ~ சேர்த்தால்தான் சரியாக எண்ணும்:

```
=COUNTIF(B2:AE2,"~?")
```

மொத்தம்_பார்: இதுக்கு எதுக்கு ?. வலது ஓரத்தில் வருகை நாள் மொத்தம் எழுதியிருப்பார்களே. 24 என்றால் P, 23 என்றால் A. போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்க.

பழைய பேரேடு: அவ்வளவு லேசில் போட்டுவிடாதீங்க. அந்த மொத்தமும் மாதக் கடைசியில் அதே கிறுக்கலைப் பார்த்து எண்ணியதுதான். பக்கத்தின் அடியில் தினசரி ஆள் எண்ணிக்கை இருக்கும், அது அன்றன்றைக்கு எழுதுவது. 17ஆம் தேதிக்குக் கீழே 18 என்று இருந்து, மற்ற வரிசைகளில் P 17 வந்தால் இந்தக் கட்டம் P. இரண்டு மொத்தமும் ஒத்துப்போனால் நிரப்பலாம். அப்போதும் "கணக்கிட்டு நிரப்பியது" என்று தனிப் பத்தியில் குறிக்கணும். வலது ஓரத்தில் 24 இருந்து, மற்ற வரிசைகளிலேயே P 18 வந்துவிட்டால்? வலது ஓரம் P என்கிறது, அடிப்பக்கம் A என்கிறது. வேறு ஏதோ ஒரு கட்டத்தைத் தப்பாகப் படித்திருக்கவும் வாய்ப்புண்டு. ? அப்படியே இருக்கட்டும். அந்தக் கட்டத்தின் படத்தை மட்டும் வெட்டி, தேதியும் பணியாளர் எண்ணும் சேர்த்து மேற்பார்வையாளருக்கு அனுப்புங்க. காலிக் கட்டத்தையும் ?-யையும் ஒன்றாக்கக் கூடாது. ஒன்று எழுதவே இல்லை, இன்னொன்று படிக்க முடியவில்லை.

ராத்திரி ஷிப்ட்: எங்கள் ஏட்டில் P, A கிடையாது, நேரம்தான். 1.05-ஆ 7.05-ஆ என்பதுதான் தலைவலி. அதே கையெழுத்தில் சந்தேகமில்லாத 17, 27 தேதிகளைத் தேடி, அவர் 7-க்குக் குறுக்குக்கோடு போடுகிறாரா என்று பார்ப்போம். வெளியேறிய நேரம் 3.00 என்றால் இரண்டுமே பொருந்தும், அங்கே மாட்டிக்கொள்வோம்.

நடுமடிப்பு: யாரும் ஸ்கேனைப் பற்றிப் பேசவில்லை. ஏடு இரண்டு பக்கமாக விரியும், 15, 16 மடிப்பில் புதையும். ஒரு பத்தி விழுங்கப்பட்டால் அதற்கப்புறம் எல்லாம் ஒரு நாள் முன்னால் நகரும். வரிசைக்கு 29 கட்டம்தான் வரும், W எல்லாம் ஞாயிறுக்குப் பதில் சனியில் நிற்கும். தட்டச்சுக்கு முன்னாலேயே W பத்திகளைக் காலண்டரோடு ஒப்பிடுங்க. இன்னொன்று: 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்க. வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் குறி காணாமல் போகும், திருத்திய இடம் கறுப்புத் திட்டாகிவிடும்.

கட்டம்17: அடிப்பக்கம் 18. மற்ற வரிசைகளிலும் P 18தான். அதில் ஒரு P-யைச் சுற்றி வட்டம் போட்டிருக்கு. வட்டம் என்றால் உங்கள் ஏடுகளில் என்ன, அரை நாளா?

மொத்தம்_பார்: எங்களிடம் வட்டம் என்றால் தாமதம்.