பாஸ் சண்டையில் திரை முழுவதும் மினுக்கும் வெள்ளை: உங்கள் அனுபவங்கள் என்ன?

குகைவாசி

வெளியீட்டுக்கு முன் இருபரிமாண விளையாட்டுகளைச் சோதித்துத் தருவது என் தொழில். அண்மையில் ஒரு சிறு குழுவின் விளையாட்டில் கண்டதை இங்கே பதிவு செய்து, மற்றவர்களின் அனுபவத்தையும் கேட்க விரும்புகிறேன்.

அந்த விளையாட்டில் எதிரியின் மேல் குண்டு பட்டால் அதன் உருவம் இரண்டு ஃப்ரேம் முழு வெள்ளையாகி, அடுத்த இரண்டு ஃப்ரேம் பழைய கருநிறத்துக்குத் திரும்பும். சிறிய எதிரிகளிடம் இது கண்ணை உறுத்தவில்லை. ஆனால் கடைசிக் குகையில் வரும் பாஸ் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் நம் கைக்கு இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிடுகிறது. பொத்தானை விடாமல் அழுத்தினால் வெள்ளையும் கருமையும் நொடிக்கு 15 முறை மாறி மாறி அடிக்கின்றன. ஆட வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், தன் வலது கை தானாக வெட்டி இழுப்பதாகச் சொல்லி, கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம்.

துப்பாக்கியைத் தனியாகவும் பாஸைத் தனியாகவும் சோதித்தபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. இப்படி இரண்டும் சேரும் இடங்களை நீங்கள் எவ்வாறு கண்டுபிடிக்கிறீர்கள்?

மணல்வீடு

எங்கள் குழுவிலும் இதே சிக்கல் இருந்தது. வெள்ளைப் படலத்தின் அடர்த்தியை நூறு விழுக்காட்டிலிருந்து ஐம்பதாகக் குறைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. ஒளிர்வு மாற்றம் சிறியதாக இருந்தால் எத்தனை முறை மினுக்கினாலும் விதியை மீறியதாகாது என்று இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளிலேயே இருக்கிறது. வேகத்தைத் தொடத் தேவையில்லை.

ஒளிமானி

மணல்வீடு சொன்னதில் முதல் பாதி சரி. ஐம்பது விழுக்காடு என்ற எண்ணைத்தான் ஏற்க முடியவில்லை. ஒளிபரப்புக் காட்சிகளின் மினுக்கம் வலிப்பைத் தூண்டுமா என்று சோதிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், பலரும் வழுக்கும் இடம் இதுதான் என்று சொல்வேன்.

அந்த நெறிமுறையின்படி, ஒரு நொடிக்குள் மூன்று மினுக்கங்களுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் ஒவ்வொன்றின் ஒளிர்வு மாற்றமும் உச்ச ஒளிர்வில் பத்து விழுக்காட்டை எட்டாமல் இருக்க வேண்டும். இருண்ட பக்கமே 0.80க்கு மேல் வெளிச்சமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு வராது. ஆனால் வரைகலை மென்பொருளில் நாம் நகர்த்தும் எண் ஒளிர்வு அன்று. முழுக் கருமையின் மேல் பாதி அடர்த்தியில் வெள்ளையைப் போட்டால் வரும் சாம்பல் நிறத்தின் ஒளிர்வு ஏறத்தாழ 0.21, அனுமதித்த அளவைப் போல் இருமடங்கு. கருமையிலிருந்து `#595959` வரை சென்றாலே வரம்பைத் தொட்டுவிடுகிறோம்.

குகைக் காட்சியின் அடிநிறம் முழுக் கருமையாக இல்லாமல் `#333333` போல மங்கலாக இருந்தால் நிலைமை இன்னும் இறுக்கமாகிறது. அந்த அடிநிறத்தின் ஒளிர்வு 0.033 அளவில் இருக்கும். அதன் மேல் 35 விழுக்காடு வெள்ளையைப் போட்டால் அது 0.196க்கு ஏறும், வித்தியாசம் 0.16. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் படலத்தின் அடர்த்தியை 25 விழுக்காட்டுக்கும் கீழே இறக்க வேண்டும். அந்த அளவில் அடிபட்ட உணர்வே வராது என்று கலைஞர்கள் முறையிடுவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆகையால் அடர்த்தியோடு போராடுவதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதே எளிது.

வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு போடலாமா என்று யாரேனும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: செறிந்த சிவப்புக்குத் தனி விதி உண்டு, அங்கே பத்து விழுக்காட்டுச் சலுகை செல்லாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி வந்தன. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

தென்னந்தோப்பு

என் மகளுக்கு வயது பதினான்கு. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். நீங்கள் பேசும் நிறக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அவளுக்குப் புதிதாக வாங்கிய கைப்பேசியில் 120 ஹெர்ட்ஸ் திரை என்று போட்டிருக்கிறது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஆகாது என்றால், 120 முறை மினுக்கும் இந்தத் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?

ஒளிமானி

வேண்டாம் அம்மா. அது படம் புதுப்பிக்கப்படும் வேகம். ஒவ்வொரு முறையும் திரை அணைந்து எரிவதாகப் பொருளில்லை. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் மெய்யாகவே மினுக்கின, அவற்றில் 50 ஹெர்ட்ஸ் சிலரைப் பாதித்ததும் உண்டு. இன்றைய திரைகளில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. குகைவாசி சொன்ன விளையாட்டில் மினுக்கம் ஃப்ரேம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டத்தின் ஓட்டம் திரையின் வேகத்தைப் பின்பற்றினால், 60 ஹெர்ட்ஸில் 15ஆக இருந்தது 120 ஹெர்ட்ஸில் 30 ஆகிவிடும். மிகுந்த ஆபத்து 15 முதல் 25 வரை என்பது பொதுவான கணிப்பு. 30ம் பாதுகாப்பான எண் அன்று. கால அளவை மில்லிநொடியில்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் உதவும்: திரை மினுக்கத் தொடங்கினால் இரண்டு கண்களையும் மூடச் சொல்லாதீர்கள், இமை வழியாகவும் ஒளி புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுமையாக மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.

சாளரம்

நான் இணையதள இடைமுகங்கள் செய்பவன். பயனர் இயக்கத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் `prefers-reduced-motion` மூலம் அசைவுகளை நிறுத்திவிடுகிறோம். எனவே இந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

குகைவாசி

சாளரம், அந்த அமைப்பு பெரும்பாலும் தலைசுற்றல் உள்ளவர்கள் இயக்குவது. தனக்கு ஒளியால் வலிப்பு வரக்கூடும் என்பதே தெரியாத அந்த மாணவரைப் போன்றவர் அதை ஏன் இயக்கப் போகிறார்? மினுக்கம் இயல்பு நிலையிலேயே வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தக் குழு இறுதியில் செய்ததைச் சொல்கிறேன். அடிபடும் வெள்ளை, மின்னல், வெடிப்பு, உயிர் குறையும்போது துடிக்கும் சிவப்பு ஓரம் ஆகிய அனைத்தும் ஒரே வாயிலில் அனுமதி கேட்க வேண்டும் என்று மாற்றினார்கள்:

```gdscript
var last_flash := -1000

func may_flash() -> bool:
    var now := Time.get_ticks_msec()
    if now - last_flash < 500:
        return false
    last_flash = now
    return true
```

அனுமதி மறுக்கப்பட்டால் பாஸ் சற்றுப் பின்னால் உதறும், உருவத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு தோன்றும், ஒலி மட்டும் ஒவ்வொரு குண்டுக்கும் கேட்கும். சிவப்பு ஓரத்தைத் துடிக்க விடாமல் நிலையாக நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தின் விறுவிறுப்பு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. எனக்குமே உதறல்தான் கூடுதலாகப் பிடித்திருந்தது. பின்னர் அந்தச் சண்டையைக் காணொளியாகப் பதிந்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் மையம் தரும், ஆபத்தான மினுக்கத்தைக் கண்டறியும் பீட் கருவியில் ஓட்டினோம். ஒரே ஓர் இடம் மட்டும் மாட்டியது: வெடிப்பின் துகள்கள் இந்த வாயிலைக் கேட்காமலே மினுக்கிக்கொண்டிருந்தன.

மணல்வீடு

படலத்தின் அடர்த்தியை மீண்டும் அளந்து பார்க்கிறேன். ஆனாலும் பரப்பளவு பற்றி ஐயம் இருக்கிறது. எங்கள் பாஸ் திரையில் கால்பங்குக்கும் குறைவு. அப்படியானால் விலக்கு உண்டல்லவா?

ஒளிமானி

தொலைக்காட்சி விதியில் திரையின் கால்பங்கு என்பதே கணக்கு. இணைய நெறிமுறையில் அது பார்வையில் பத்துப் பாகை அகலமுள்ள எந்த வட்டாரத்திலும் கால்பங்கு; 1024×768 திரையில் 341×256 புள்ளிகள் கொண்ட சட்டத்தில் கால்பங்கு என்று அதை மதிப்பிடுகிறார்கள். அது மிகச் சிறிய பரப்பு. உங்கள் பாஸ் தாண்டிவிடும். கைப்பேசியை முகத்தருகே பிடிக்கும் சிறுவனுக்கு அந்தச் சட்டத்தை எவ்வளவாக வைப்பது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி. நான் பரப்பளவு விலக்கையே கைப்பேசி விளையாட்டுகளில் பயன்படுத்துவதில்லை. என் சக ஊழியர் அதை மிகையான எச்சரிக்கை என்கிறார்.