வளையத்தில் துகள்: எனக்கு மட்டும் அரை எண் வருகிறது, உதவுங்கள்

தென்றல்21: நாளைக்கு இன்டர்னல். வளையத்தில் தடையின்றிச் சுற்றும் துகளுக்கு எனக்கு E = n²ħ²/8I வருகிறது, புத்தகத்தில் m²ħ²/2I. எல்லை நிபந்தனை போட்டுத்தான் செய்தேன். எங்கே தப்பு?

அணுத்துகள்: எந்த எல்லை நிபந்தனை? அதைச் சொல்லாமல் என்ன சொல்வது?

வேதியியல்_மாணவி: பென்சீனா? ஆறு பை எலக்ட்ரான்களும் m = 0, ±1 நிலைகளில் சரியாக நிரம்பிவிடும். உங்கள் n எலக்ட்ரான் எண்ணிக்கையா?

தென்றல்21: பென்சீன் இல்லைங்க, ஒரே துகள். ψ(0) = ψ(2π) = 0 போட்டேன், பெட்டிக்குப் போடுகிற மாதிரி. இரண்டு பக்கமும் மதிப்பு சமம்தானே?

மூத்தவன்: பெட்டிக்கும் வளையத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் முதலில் பாடத்தைப் படித்துவிட்டு வரலாம்.

மலைக்காற்று: கேள்வியில் விஷயம் இருக்கிறது, திட்ட வேண்டாம். தென்றல், உங்கள் n = 1 விடையை எடுங்கள்: sin(φ/2). மதிப்பு இரண்டு பக்கமும் 0, சரி. சாய்வைப் பாருங்கள். φ = 0-இல் +½, φ = 2π-இல் −½. ஒரே புள்ளியில் அலை கூராக மடிகிறது. அங்கே ஒரு சுவர் இருந்தால்தான் அப்படி மடியும், உங்கள் வளையத்தில் சுவர் இல்லை. அப்புறம், பூஜ்யம் என்று கட்டாயப்படுத்தியதால் cos φ, ஏன் m = 0 மாறிலி நிலைகூட வெளியே போய்விட்டது. e^(imφ) எடுத்து, மதிப்பும் சாய்வும் ஒரு சுற்றுக்குப் பிறகு அதேபோல் திரும்ப வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். e^(2πim) = 1, ஆகவே m முழு எண், Lz = mħ.

அணுத்துகள்: அளக்க முடிவது |ψ|² மட்டும்தானே? e^(iφ/2) ஒரு சுற்றில் குறி மாறினாலும் |ψ|² மாறாது. அரை எண் ஏன் கூடாது?

மலைக்காற்று: அதை m = 0 நிலையோடு கூட்டுங்கள். |1 + e^(iφ/2)|² தொடக்கத்தில் 4, ஒரு சுற்று முடிந்ததும் 0. ஒரே இடத்துக்கு இரண்டு நிகழ்தகவா?

அணுத்துகள்: எல்லாமே அரை எண்ணாக இருந்தால் அந்தச் சிக்கல் வராதே?

மலைக்காற்று: வராது, ஒத்துக்கொள்கிறேன். மின்னூட்டம் e உள்ள துகளின் வளையத்துக்குள் h/2e காந்தப்பாயம் இருந்தால் ஆற்றல்கள் அப்படித்தான் அமையும். அங்கேயும் ψ-ஐ முழு எண்ணிலேயே வைத்து, (m − ½)²ħ²/2I என்று எழுதலாம். பாயம் இல்லாத வளையத்தில் m = 0-க்குச் சுழற்சி இல்லை, ஆற்றலும் 0.

அணுத்துகள்: பாயம் இல்லை என்று தெரிந்ததால் முழு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அது நிரூபணம் இல்லையே.

மூத்தவன்: ψ ஒற்றை மதிப்புடையது என்பது அடிப்படை விதி. விவாதம் முடிந்தது.

அணுத்துகள்: விதியாக வைக்கலாம். ஏன் என்றுதான் கேட்கிறேன்.

தென்றல்21: சாய்வைப் போட்டுப் பார்த்தேன், ஒற்றைப்படை n எல்லாம் விழுந்துவிட்டது. நன்றி, படிக்கப் போகிறேன்.

மலைக்காற்று: cos-ஐயும் மாறிலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் m = 0-க்கு மேலுள்ள ஒவ்வொரு ஆற்றலிலும் இரண்டு நிலைகளில் ஒன்று குறையும்.