புகையே இல்லை, ஸ்மோக் டிடெக்டர் அலறுகிறது. உதவி!

கயல்: வாரத்தில் பாதி நாள் அலறுகிறது. பேட்டரி மாற்றியாச்சு. பின்பக்கம் அமெரிசியம் 241, கதிரியக்கப் பொருள் என்று போட்டிருக்கிறது. கசிகிறதோ? கைக்குழந்தை இருக்கிற வீடு, சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலா: எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? எந்த நேரத்தில் அலறுகிறது? எந்த வருடத்துப் பெட்டி?

லதா: எங்கள் வீட்டிலும் நடு ராத்திரியில் கீச் கீச் என்றது. பேட்டரிதான்.

பாலா: லதா, அவர் பேட்டரி மாற்றிவிட்டார். இது கீச் இல்லை, அலறல்.

செந்தில்: கதிர் தீர்ந்திருக்கும். ஆல்ஃபா துகள்கள் காற்றை அயனியாக்குவதால் உள்ளே சிறு மின்னோட்டம் ஓடும். புகை குறுக்கே வந்து துகள்களை மறைத்தால் அது குறையும், பெட்டி அலறும். கதிர் குறைந்தாலும் அப்படித்தானே?

ராகவன்: பல தடவை எழுதியாச்சு, தேடிப் படித்துவிட்டுப் பதில் போடலாம். அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டு. 10 வருடத்தில் 2 சதவீதம்கூடக் குறையாது. புகை துகளை மறைப்பதும் பெரிய காரணம் இல்லை. அயனி மிக லேசானது, தகட்டை நோக்கி விரைந்து ஓடும். புகைத்துகளில் ஒட்டிக்கொண்டால் எடை பல மடங்கு ஏறி நகரவே முடியாது. தகட்டை அடையும் முன்பே எதிர் அயனியோடு சேர்ந்து மின்சுமையை இழந்துவிடும். மின்னோட்டம் விழுவது அதனால்தான்.

கயல்: சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், ஹாலில். காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்ததும். மாவு ஊற்றக்கூட இல்லை.

பாலா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எண்ணெய் தடவிய கல் சூடானால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கிளம்பும். இந்த வகைப் பெட்டி அவற்றைத்தான் சட்டென்று பிடிக்கும். அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி மாட்டுங்கள்.

கயல்: கசிவு?

ராகவன்: உள்ளே இருப்பது ஒரு மைக்ரோகியூரி அளவு, தங்கப் பூச்சுக்கு அடியில். ஆல்ஃபா காற்றில் சில செ.மீ. போவதற்குள் அடங்கிவிடும், பிளாஸ்டிக்கைத் தாண்டாது. அந்தச் சின்ன அறைக்குள்ளேயே தன் சக்தியைச் செலவழிப்பதால்தான் ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டியை உடைத்துத் திறக்காதீர்கள், அவ்வளவுதான்.

செந்தில்: இந்த வகையே வேண்டாம். மெத்தை கருகுவது போன்ற மெதுவான தீயை ஒளிவகைப் பெட்டிதான் முன்னால் கண்டுபிடிக்கும்.

ராகவன்: சுவாலை விட்டு எரியும் தீயை இதுதான் முந்திக்கொண்டு பிடிக்கும்.

செந்தில்: வீட்டுத் தீ பல நேரம் கருகலாகத்தானே தொடங்குகிறது?

பாலா: இரண்டும் வைத்துக்கொள்ளலாம். சண்டைக்குத் தனி இழை போடுங்கள். கயல், பெட்டியில் வருடம் பார்த்தீர்களா? 10 வருடம் தாண்டினால் மாற்ற வேண்டும். உள்ளே தூசி படிந்தாலும் மின்னோட்டம் குறையும்.

கயல்: படுக்கையறைப் பக்கம் மாற்றிவிட்டேன். இன்று தோசைக்குச் சத்தமே இல்லை, நன்றி. ஆனால் வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்ததும் ஒருமுறை அலறியது.

பாலா: நீராவித் துளிகளிலும் அயனி ஒட்டும். ஆனால் தூசி சேர்ந்திருந்தால் கொஞ்சம் ஆவிக்கே அலறும். வருடம் என்ன போட்டிருக்கிறது?

பாலா: கயல்?