அழைப்பிதழில் ‘தங்கள் மகள்’ யாருடைய மகள்?

மேலூர்க்காரன்:
தங்கைக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூருவில் இருப்பதால் அழைப்பிதழை முதலில் ஆங்கிலத்தில் எழுதினோம். அதை வரிக்கு வரி நான் தமிழாக்கினேன்: “திரு., திருமதி இன்னார் அவர்கள் தங்கள் மகளின் திருமணத்தில் தங்கள் வருகையின் மகிழ்ச்சியைக் கோருகிறார்கள்.” பெரியப்பா படித்துவிட்டு, “எனக்கு மகளே கிடையாதே, யாருக்குத் திருமணம்?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை எங்கே? தாத்தா பெயருக்கு முன்னால் இருந்த ‘லேட்’டை ‘காலஞ்சென்ற’ என்று போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

அச்சகத்துக்காரர்:
பெரியப்பா சரியாகத்தான் படித்திருக்கிறார். ‘தங்கள்’ என்றால் அவர்களுடைய என்றும் பொருள், மரியாதையாக உங்களுடைய என்றும் பொருள். உங்கள் வரியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் அழைப்பவர் தம்மையே மூன்றாம் மனிதரைப் போலச் சொல்லிக்கொள்வார். நம் அழைப்பிதழோ கடிதம். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி ‘இப்படிக்கு’ என்று முடிகிறது. அதனால் பெற்றோரே பேச வேண்டும்:

“...சுபயோக சுபதினத்தில் காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள், எங்கள் மகள் திருவளர்செல்வி இன்னாருக்கும், பெங்களூரு திரு. இன்னார் அவர்களின் மகன் திருவளர்செல்வன் இன்னாருக்கும், பெரியோர்கள் நிச்சயித்தபடி திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.”

‘அவர்கள்’ சம்பந்தி பெயரோடு மட்டும் வரட்டும். அழைக்கிறவர் தமக்கே போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. ‘காலஞ்சென்ற’ இரங்கல் செய்தியின் வாடை அடிக்கிறது. ‘தெய்வத்திரு’ என்று மாற்றுங்கள்.

திருமங்கலத்து மருமகன்:
தங்கை கடைசிப் பிள்ளையா? அப்படியானால் திருநிறைச்செல்வி என்றுதான் போட வேண்டும்.

தமிழாசிரியை:
போடுவதானால் ‘திருநிறைசெல்வி’ என்று போடுங்கள். வளர்செல்வியைப் போல நிறைசெல்வியும் வினைத்தொகை. நடுவில் ‘ச்’ வராது.

அச்சகத்துக்காரர்:
அம்மா, ‘ச்’ இல்லாமல் அடித்துக் கொடுத்தால் எழுத்து விட்டுப்போயிற்று என்று கட்டோடு திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

உசிலம்பட்டி அத்தை:
என் மகன் ஆங்கில அட்டையைப் பார்த்து ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று போட்டுவிட்டான். நாங்கள் செய்த மொய்யைத் திருப்பிச் செய்ய வந்தவர்கள் கையில் பணத்தோடு திகைத்து நின்றார்கள். அந்த வரியை மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி.

மேலூர்க்காரன்:
எங்கள் அட்டையில் அந்த வரி இல்லை அத்தை. தங்கைதான் கடைசி. ஆனால் மூத்தவனான எனக்கே இன்னும் திருமணம் ஆகவில்லை.

அச்சகத்துக்காரர்:
அப்படியானால் வளர்செல்வியே இருக்கட்டும். வீட்டின் கடைசித் திருமணத்துக்குத்தான் ‘நிறை’. ‘ச்’ போடுவதா வேண்டாமா என்ற சண்டையும் இல்லை.

திருமங்கலத்து மருமகன்:
எங்கள் பக்கம் கடைசிப் பிள்ளை என்றுதான் கணக்கு.

மேலூர்க்காரன்:
பெரியப்பாவிடம் கேட்டேன். “முதலில் உனக்குப் பெண் பார்ப்போம்” என்கிறார். வளர்செல்வி என்றே கொடுக்கிறேன்.