ஞாயிறு இரவு டேட்டாபேஸை நிறுத்தப்போகிறோம் என்று கடைக்காரருக்குக் கடிதம் எழுதிய அனுபவம் உண்டா?

இரவுக்காவல்

கடைக் கணக்குகள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 12-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாற்றும் வேலை. அதற்காகக் கடை உரிமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஏன், எவ்வளவு நேரம், என்னென்ன ஓடாது, எல்லாம் இருந்தது. அதில் ஒரு வரி: "ஞாயிறு இரவு 12 மணி முதல் 3 மணி வரை பில்லிங் இயங்காது." அவரும் "சரி தம்பி" என்று பதில் போட்டார்.

நான் நினைத்தது ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கிற இரவு. அவர் நினைத்தது சனி முடிந்து ஞாயிறு பிறக்கிற இரவு. தேதிக் கணக்குப்படி பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. சனி இரவே எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிறு காலை எல்லாம் வழக்கம்போல ஓடியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, அன்று இரவு கடையை மூடிவிட்டு ஸ்டாக் எடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேர், ஒவ்வொரு அலமாரியாக.

12 மணிக்குப் பார்த்தபோது ஒரு இணைப்பு `idle in transaction` என்று நின்றது. யாரோ பில்லிங் திரையை மூடாமல் போய்விட்டார்கள் என்று நினைத்து `pg_ctl stop -m fast` கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் போன். "தம்பி, திரை வெள்ளையா போச்சு." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் ஸ்கேனர் பீப், பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றுபோனது தெரியாமல் ஒருவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த மென்பொருள் ஸ்டாக் எடுக்கும் திரையைத் திறந்ததும் ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, கடைசியில் "முடி" அழுத்தினால்தான் சேமிக்குமாம். மூன்று மணி நேர எண்ணிக்கையும் ரோல்பேக். அப்கிரேடு மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் 2 மணிக்கு முடிந்தது. அந்த பீப் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

கம்பிவலை

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், எதற்கு டவுன்டைம்? லாஜிகல் ரெப்ளிகேஷன் என்று ஒன்று பல வருடமாக இருக்கிறது. புதிய பதிப்பை ஒரு ஓரமாக ஓடவிட்டு, தரவு முழுவதும் வந்து சேர்ந்ததும் இணைப்பை மாற்றிவிட்டால் ஒரு நொடிகூட நிறுத்த வேண்டாம். கடிதமே தேவையில்லை. நான் இரண்டு இடத்தில் செய்திருக்கிறேன், யாருக்கும் தெரியவே இல்லை.

பழைய டிபிஏ

கம்பிவலை சொல்வது பாதி சரி. லாஜிகல் ரெப்ளிகேஷனில் வரிகள் வந்துவிடும், சீக்வென்ஸ் எண்கள் வராது. இணைப்பை மாற்றியதும் பில் எண் 1-லிருந்து தொடங்கப் பார்க்கும், ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு மோதி ஒவ்வொரு பில்லும் பிழை காட்டும். அவற்றைக் கையால் முன்னே தள்ளிவைக்க வேண்டும், அந்த நேரத்தில் யாரும் பில் போடக் கூடாது. அதாவது சில நிமிட நிறுத்தம் எப்படியும் உண்டு. பிரைமரி கீ இல்லாத பழைய டேபிள் இருந்தால் அது தனித் தலைவலி. ஒரு கடைக்கு, இரவில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு `pg_upgrade` போடுவதுதான் நிம்மதி.

இப்போது இரவுக்காவலுக்கு. கடிதத்தில் தப்பு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 மணிக்கு அதைப் பிடித்திருக்கலாம். நீங்கள் state-ஐ மட்டும் பார்த்தீர்கள். இதைப் பார்த்திருக்க வேண்டும்:

```sql
SELECT pid, client_addr, xact_start, state_change
FROM pg_stat_activity
WHERE state = 'idle in transaction';
```

மறந்துபோன திரை என்றால் `state_change` பல மணி நேரம் பழையதாக இருக்கும். உங்களுடையதில் `xact_start` மூன்று மணி நேரம் முன்பு, `state_change` சில வினாடி முன்பு என்று காட்டியிருக்கும். ஒவ்வொரு பீப்புக்கும் அது நகரும். இரண்டு முறை ஓட்டிப் பார்த்து நேரம் மாறுகிறது என்றால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நிறுத்துவதற்கு முன் ஒரு போன் போட்டிருக்கலாம்.

இரவுக்காவல்

இது இப்போதுதான் உறைக்கிறது. client_addr-கூட ஸ்டாக் அறைக் கணினியுடையது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

கல்லாப்பெட்டி

நான் உங்கள் பக்கம் இல்லை, கடிதம் வாங்குகிற பக்கம். கடை என்னுடையது.

எனக்கு வந்த கடிதத்தில் நேரமெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஞாயிறு இரவு 11 முதல் 2 வரை என்று எழுதியிருந்தார்கள், சரியாக 2 மணிக்கு "முடிந்தது அக்கா" என்று செய்தியும் வந்தது. திங்கள் காலை கடை திறந்ததும் முதல் பில்லுக்கு வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் திரை சுற்றுகிறது, சுற்றுகிறது. ஒரு பெயரைக் கொண்டுவர முக்கால் நிமிடம். வரிசை வாசல்வரை. போன் போட்டால் இரவெல்லாம் விழித்த பையன் தூங்குகிறான், எடுக்கவில்லை. நான் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு அவன் எழுந்து என்னவோ செய்தான், ஐந்து நிமிடத்தில் பழையபடி ஓடியது. என்ன செய்தான் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் "டேட்டாபேஸ்" ஒன்பது இடத்தில் இருந்தது. "திங்கள் காலை" ஒரு இடத்தில்கூட இல்லை.

பழைய டிபிஏ

அக்கா, அவர் என்ன செய்தார் என்று நான் ஊகிக்கிறேன். எந்தப் பெயரை எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று டேட்டாபேஸ் ஒரு கணக்கு வைத்திருக்கும். `pg_upgrade` தரவைக் கொண்டுபோகும், அந்தக் கணக்கைக் கொண்டுபோகாது. 18-ஆம் பதிப்புக்கு மாறும்போதுதான் அதில் பெரும்பகுதி கூடவே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு மாறினால் முடிந்த கையோடு

```
vacuumdb --all --analyze-in-stages
```

ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் எல்லாம் இருக்கும், எதுவும் தொலைந்திருக்காது, ஆனால் குத்துமதிப்பான வழியில் தேடும். இரவில் ஒரு பில் போட்டுச் சோதித்தால் வேகமாகத்தான் தெரியும். பெரிய டேபிளில் தேடும்போதுதான் மாட்டும். ஆட்டோவேக்யூம் தானாக அந்தக் கணக்கை எடுத்துவிடும் என்று சிலர் நம்பி விடுகிறார்கள். அது ஒரு டேபிளில் போதுமான அளவு வரிகள் மாறினால்தான் அதைத் தொடும். மாறாமல் கிடக்கிற வாடிக்கையாளர் டேபிளைத் தொடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். கடிதத்தில் எல்லோரும் "சரியாக வராவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுவோம்" என்று எழுதுகிறோம். `--link` போட்டு அப்கிரேடு செய்தால் கோப்புகளை நகலெடுக்காது, இரண்டு பதிப்பும் ஒரே கோப்பைப் பகிரும். வேகமாக முடியும். ஆனால் புதிய சர்வரை ஒரு தடவை தொடங்கிவிட்டால் பழையதைத் தொடக்கூடாது, பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்யவேண்டியதுதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முந்தின வாரமே ஓட்டிப் பார்த்து, அந்த நேரத்தைக் கடிதத்தின் நேரத்தோடு சேர்த்திருக்க வேண்டும். சாதாரணமாக நகலெடுத்துச் செய்தால் பழையது அப்படியே நிற்கும், டிஸ்கில் இன்னொரு மடங்கு இடம் வேண்டும். அதிலும் ஒரு எல்லை இருக்கிறது. திங்கள் காலை புதியதில் முதல் பில் விழுந்துவிட்டால், திரும்பிப் போவது என்பது அந்த பில்லை இழப்பது. ஆகவே "திரும்புவோம்" என்று மட்டும் எழுதாதீர்கள், எத்தனை மணிக்குள் என்று எழுதுங்கள்.

மணிக்கூண்டு

ஞாயிறு இரவு வேலைக்குத் தனியாகச் சம்பளம் கேட்டீர்களா, இல்லையா? கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் இடத்தில் வீட்டு வைஃபை போனாலே இரவில் என்னைத்தான் எழுப்புகிறார்கள்.

கம்பிவலை

மணிக்கூண்டு, பேச்சு அது இல்லை.

பழைய டிபிஏ, சீக்வென்ஸ் விஷயம் எனக்கும் நடந்தது, அதைச் சரிசெய்ய ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நொடிகூட நிறுத்தவில்லை என்று சொன்னது கொஞ்சம் மிகைதான், நான்கு நிமிடம் ஆனது. ஆனால் இங்கே உண்மையான குற்றவாளி அந்த மென்பொருள். மூன்று மணி நேரம் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைப்பது என்ன வடிவமைப்பு? மின்சாரம் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கடிதத்தைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

கல்லாப்பெட்டி

மின்சாரம் முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போவதில்லை.

இரவுக்காவல்

அவருடைய இரண்டாவது கடைக்கும் இதே வேலை பாக்கி இருக்கிறது. புதிதாக எழுதியது இது, படித்துச் சொல்லுங்கள்.

> ஐயா, வணக்கம்.
>
> ஞாயிறு கடை மூடிய பிறகு, இரவு 11:00 மணியிலிருந்து திங்கள் அதிகாலை 3:00 மணி வரை இரண்டாவது கடையின் கணினியில் பில் போடவோ, விலை மாற்றவோ, ஸ்டாக் எடுக்கவோ முடியாது. நடுவில் எண்ணிக்கொண்டிருந்தால் அது சேமிக்கப்படாமல் போகும். போன முறை அப்படித்தான் போனது. தவறு என்னுடையது, நேரத்தைத் தெளிவாக எழுதவில்லை.
>
> கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸின் இப்போதைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 நவம்பரோடு நின்றுவிட்டது. அதனால் மாற்றுகிறோம். மாற்றும்போது யாராவது பில் போட்டால் அது பழையதில் நின்றுவிடும், புதியதில் இருக்காது. அதற்காகத்தான் நிறுத்துகிறோம்.
>
> வேலைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மீதி நேரம் சோதித்துப் பார்க்க. 1:30-க்குள் சரியாக ஓடாவிட்டால் பழையதையே தொடங்கிவிட்டு இன்னொரு நாள் வருவேன். திங்கள் காலை கடை திறக்கும்போது நான் போனை எடுப்பேன்.
>
> 10:45-க்கு உங்களை அழைப்பேன். உள்ளே யாரும் இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நிறுத்துவேன்.

பழைய டிபிஏ

தேதியையும் போடுங்கள். கிழமை மட்டும் போதாது என்று உங்களுக்கே தெரியும். மற்றபடி நன்று, நகலெடுத்துச் செய்கிறீர்கள் என்றால் 1:30 சரிதான்.

கல்லாப்பெட்டி

டேட்டாபேஸ் பதிப்பைப் பற்றிய பத்தியை எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. "திங்கள் காலை நான் போனை எடுப்பேன்" என்பதை மேலே கொண்டுபோங்கள். ஒரு கேள்வி: திரும்ப ஸ்டாக் எடுத்த மூன்று பேரின் அந்த இரவுக்கு யார் பொறுப்பு? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

இரவுக்காவல்

அதை அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தெரியவில்லை அக்கா.

தேதி போட்டு அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: "10:45-க்கு நான் தூங்கிவிடுவேன். ஸ்கேனர் வைத்திருந்த பையனைக் கூப்பிடு, அவன்தான் அன்று எண்ணியவன்." எண் கொடுத்திருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.