கைடு இருக்க, தாளில் எதற்கு எழுத வேண்டும்? (பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு)

டியூஷன் டீச்சர், மஞ்சக்குப்பம்:
"கைடு வாங்கிக் கொடுத்தாச்சே மிஸ், சுருக்கத் தாள் வேற எதுக்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். ஒளியியலில் குவிலென்சை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

கைடில் ஆறு வரி அட்டவணை இருக்கும்: பொருள் எங்கே, பிம்பம் எங்கே, பெரிதா சிறிதா. பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். பரீட்சையில் இரண்டு வரி இடம் மாறினால் அதற்கே தெரியாது, ஒரு வரி அடுத்த வரியோடு எப்படி ஒட்டுகிறது என்பது அட்டவணையில் இல்லையே.

வீட்டுத் தாளில் ஒரே கோடு. நடுவில் லென்சு, இரு பக்கமும் குவியம் F, அதற்கு இரு மடங்கு தூரத்தில் 2F. பொருளைத் தூரத்திலிருந்து லென்சை நோக்கி நகர்த்தினால், மறுபக்கத்தில் பிம்பம் F-இலிருந்து தள்ளிப் போய்க்கொண்டே பெரிதாகும். பொருள் 2F-க்கு வந்தால் பிம்பமும் மறுபக்க 2F-இல், அதே அளவில். பொருள் F-ஐத் தாண்டி உள்ளே வந்ததும் பிம்பம் பொருள் உள்ள பக்கமே வந்து, நேரான, பெரிய மாய பிம்பமாகிவிடும். பூதக்கண்ணாடி அதுதான்.

கணக்கில் இதன் பலன் தெரியும். குவியத் தூரம் f = 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில். பொருளின் தூரம் u-க்குக் கழித்தல் குறி, அதனால் u = −30; பிம்பத்தின் தூரம் v.

1/v = 1/f + 1/u = 1/20 − 1/30 = 1/60

v = 60 செ.மீ. u-க்குக் கழித்தல் குறி போட மறந்தால் 12 வரும். கோடு போட்டுப் பழகிய பிள்ளை அங்கேயே நிற்கும்: பொருள் F-க்கும் 2F-க்கும் நடுவே இருக்கிறது, பிம்பம் 40-க்கு அப்பால் அல்லவா விழ வேண்டும்?

தயாரிக்கும் முறை: பாடப்புத்தகத்தைப் படித்து, மூடிவிட்டு, நீல மையில் ஒரே பக்கம். பிறகு திறந்து பார்த்து, விட்டதையும் தப்பையும் சிவப்பில். மறுநாள் சிவப்பை மட்டும் படித்தால் போதும்.

ஒரு அம்மா, நெல்லிக்குப்பம்:
கையால எழுதினாலே மனசுல நிக்கும் மிஸ். என் பொண்ணு கைடைப் பார்த்து ஸ்கெட்ச் பேனால அழகா எழுதி வச்சிருக்கா.

டியூஷன் டீச்சர், மஞ்சக்குப்பம்:
பாதி சரிங்க அம்மா. பார்த்து எழுதினால் எது தெரியவில்லை என்பது வெளியே வராது. சிவப்பே இல்லாத தாளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு அப்பா, லாஸ்பேட்டை:
பையன் புதுச்சேரி அரசுப் பள்ளி, இப்ப சி.பி.எஸ்.இ. கடலூர்ல விக்கிற கைடு ஒத்து வருமா சார்?

அறிவியல் ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:
அது சமச்சீர்ப் பாடத்துக்கு உள்ளதுங்க, வாங்காதீங்க. லென்சுக் கோடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். டீச்சர், கைடை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு நினைக்கிறேன். தாள் முடிச்சதும் அதுல உள்ள கேள்விகளை மட்டும் போட்டுப் பார்க்கலாம். விடையை புத்தகத்தோட ஒத்துப் பார்க்கணும், அச்சுப்பிழை உண்டு. தாளும் அப்படித்தான். பிள்ளை தப்பா எழுதினதைத் திருத்தலேன்னா அதுவே பதிஞ்சிடும். ஆனா வரலாறு ஒரு பக்கத்துல அடங்குமா?

டியூஷன் டீச்சர், மஞ்சக்குப்பம்:
காலக்கோடு மட்டும் அடங்கும் சார். காரணங்களுக்குத் தனித் தாள் போடச் சொல்கிறேன், அது சில பிள்ளைகளுக்கு ஒத்துவருவதில்லை.