இரும்பு மாத்திரை தின்னும் ரத்தம் ஏறலையே: எங்க வீட்டு அனுபவம்

கூடலூர் மருமகள்:
காலேஜ் நாள்லருந்தே எனக்கு ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டாது. போற டாக்டரெல்லாம் இரும்பு மாத்திரை எழுதுவாங்க. கல்யாணமாகி உண்டானப்ப பார்த்த டாக்டரம்மாதான் ரிப்போர்ட்ல வேற வரியைக் காட்டினாங்க. சிவப்பணுவோட அளவைச் சொல்ற எம்.சி.வி. 64, ரொம்பச் சின்னது, ஆனா சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சம். "இரும்பு கம்மின்னா எண்ணிக்கை இவ்வளவு இருக்காதேம்மா"ன்னு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுப் பார்க்கிற ஹெச்.பி.எல்.சி. டெஸ்ட் எழுதினாங்க. அதுல ஹீமோகுளோபின் ஏ2 5.2 சதவீதம், இருக்க வேண்டியதைவிட அதிகமா வந்துச்சு. நான் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது அந்தப் பரம்பரை ரத்தக் கோளாறோட ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கு, நோய் இல்ல. உடனே அவருக்கும் எடுத்தோம். சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற அரிவாள் செல் நோய்க்கு அவர் கேரியர்! காய்ச்சல்னு படுத்தறியாத மனுஷன், யாருக்கு இது தோணும்?

சேலத்தான்:
சொந்தத்துல கட்டினாதானே இதெல்லாம் வரும்? அதோட உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற கோளாறு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது சிஸ்டர்.

லேப் அண்ணன்:
சொந்தத்துல கட்டினா வாய்ப்பு கூடும், அது சரி. வெளியில கட்டினா வராதுன்னு இல்ல தம்பி. பேர்தான் வேற, ரெண்டு கோளாறும் ஒரே பீட்டா குளோபின் ஜீன்லதான் இருக்கு. குழந்தைக்கு அந்த ஜீன் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு வரும். இவங்க தலசீமியா ஜீனும் அவரோட அரிவாள் ஜீனும் ஒரே குழந்தைக்குப் போனா, அதுக்கு நல்ல ஜீனே இருக்காது. அதுவும் அரிவாள் செல் நோய்தான். ஒவ்வொரு தடவை உண்டாகும்போதும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தது நல்லா பிறந்தாலும் அடுத்ததுக்கு அதே கணக்குதான்.

இன்னொண்ணு. முகாம்ல பண்ற கரைதிறன் டெஸ்ட் அரிவாள் செல்லை மட்டும்தான் காட்டும். அதுல "இல்லை"ன்னு வந்துட்டதால தலசீமியாவும் இல்லைன்னு நினைச்சிடாதீங்க.

மதுரை அம்மா:
என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.5. வரன் பார்க்கிறோம். ஏ2 3.1, நார்மல்னு போட்டிருக்கு. அப்ப கவலையில்லைதானே தம்பி?

லேப் அண்ணன்:
உடம்புல இரும்பு இருப்பைக் காட்டுற ஃபெரிட்டின் பார்த்தாச்சாம்மா? இரும்பு ரொம்பக் குறைஞ்சிருந்தா ஏ2-வும் இறங்கி, கேரியரா இருந்தாலும் தெரியாமப் போகலாம். டாக்டர்கிட்ட காட்டி இரும்பை ஏத்திட்டு, மறுபடி ஒருதடவை எடுங்க.

கூடலூர் மருமகள்:
சேலத்தான் அண்ணா சொன்னதையேதான் எங்க வீட்லயும் சொன்னாங்க. நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கிற டெஸ்டுக்கு 12-வது வாரம் போனோம். அதுக்கு முன்னாடியே எங்க ரெண்டு பேர் ஜீன்லயும் எந்த இடத்துல மாற்றம்னு தெரிஞ்சாகணும், அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருந்தப்பதான் உயிரே போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்திருந்தா நிதானமா யோசிச்சிருப்போம். குழந்தை என்னை மாதிரி கேரியர் மட்டும்தான், நல்லா இருக்கு.

இப்ப நாத்தனாருக்கு வரன் பார்க்கிறாங்க. அவளுக்கும் அரிவாள் ஜீன் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "டெஸ்ட் எடுத்தா வெளியில தெரிஞ்சு சம்பந்தம் நின்னுடும்"னு அத்தை ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

சேலத்தான்:
அத்தை பயமும் நியாயம்தானே?

லேப் அண்ணன்:
ரெண்டு பேரும் கேரியரா இருந்தாதான் குழந்தைக்கு நோய் வரும். மாப்பிள்ளை இதுல எதுக்கும் கேரியர் இல்லைன்னா பொண்ணு கேரியரா இருந்தும் பயமில்ல. அத்தைகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

கூடலூர் மருமகள்:
சொல்லிட்டேன் அண்ணா. "அப்ப முதல்ல மாப்பிள்ளைக்கு எடுக்கட்டும்"ங்கிறாங்க. அந்த வீட்ல போய் யார் கேட்கிறது?